மாலை நேரத்துப் புட்டிக்கு ஒரு வக்காலத்து

தோணிரேவுப் பெண்கள்மேல் இரக்கப்பட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்லி அவருக்குக் கூடுதல் புகழ் தேடித்தருவானேன்? வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறால் தடவியும் கூடையில் மீன் விற்றும் பிழைக்கிற பெண்கள் மெலிந்த உடம்புக்காரர்கள். அவர்களுடைய கைக்குழந்தைகள் பொழுது சாய்ந்தால் அரைமணிக்கு ஒருதரம் பாலுக்கு அழுகின்றன. அந்த நேரத்தில் தாயின் மார்பைத் தொட்டால் துவண்டு கிடக்கிறது. ஆகவே பால் போதவில்லை. மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று பிள்ளை கிடுகிடுவென வளரும் நாட்களில் இந்தத் தாய்மாரால் ஈடுகொடுக்கவே முடியாது. இரவுக்கு ஒரே ஒரு புட்டி டப்பாப் பால் கொடுத்தால் பிள்ளை தூங்கும், தாய் தூங்குவாள், விடிவதற்குள் மார்பு குடம்போல நிறைந்திருக்கும். இதை மறுக்கிறவர்கள் ஏழைப் பெண்ணின் களைப்பை அறியாத தாய்ப்பால் வெறியர்கள்.

இவ்வளவுதான் அவர் சொல்வது. இதில் உண்மை ஒன்று உண்டு: அந்தப் பெண் களைத்திருக்கிறாள். மற்றதெல்லாம் ஊகம். அந்த ஊகத்தை நம்பி அவர் எழுதித்தரும் மருந்து, இல்லாத நோயை உண்டாக்கிவிட்டுத்தான் ஓயும்.

முதலில் அந்த அரைமணிக் கணக்கு. தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளரும் குழந்தைகள் நாளுக்கு எத்தனை முறை குடிக்கின்றன என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜாக்குலின் கென்ட் குழுவினர் எடைபோட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள 71 குழந்தைகளை ஒவ்வொரு முறை பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து, ஒரு முழு நாளுக்குக் கணக்கெடுத்தார்கள். சராசரியாக நாளுக்கு 11 முறை குடித்தன. ஆறே முறை குடித்த பிள்ளையும் உண்டு, பதினெட்டு முறை குடித்த பிள்ளையும் உண்டு. நாள் முழுக்கக் குடித்த அளவு ஒரு பிள்ளைக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் கீழே, இன்னொன்றுக்கு ஒன்றேகால் லிட்டருக்கும் மேலே. எல்லாமே நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகள். இந்தப் பதினோரு முறையும் கடிகாரம் பார்த்து இரண்டு மணிக்கு ஒருதரம் வரவேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லிவைக்கவில்லை. காலையில் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுக் குடிக்கும் பிள்ளை, மாலை ஐந்திலிருந்து பத்துக்குள் ஐந்தாறு முறை அடுக்கடுக்காகக் குடித்துவிட்டு இரவில் நீளமாகத் தூங்கும். முதல் மூன்று மாதங்களில் இது அன்றாட வழக்கம். கட்டுரையாளர் சாயங்காலத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். காலை பத்து மணிக்கு வந்திருந்தால் தோணிரேவில் பாலுக்குப் பஞ்சமே இல்லை என்று எழுதியிருப்பார்.

அழுகையை அவர் பசிக்குச் சான்றாகக் காட்டுகிறார். கைக்குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏறி, ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இலேயே இதைத் தாய்மாரின் நாட்குறிப்புகளிலிருந்து வரைந்து காட்டினார். அழுகையின் பெரும்பங்கு மாலையிலும் முன்னிரவிலும் விழுவதையும் அதில் பார்க்கலாம். வயிறு முட்டப் புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையும் அந்த நேரத்தில்தான் அழும். நம் ஊரில் ஆறாம் வாரம் தடுப்பூசிக்கும் உரிய வாரம். புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை வியாழன்வரை காய்ச்சலும் நோவுமாகத் தாயின் மார்பைவிட்டு இறங்காது. அதையும் "பால் பத்தலை" கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

இனி, துவண்ட மார்பு. அவருடைய வாதத்தின் அஸ்திவாரமே அந்தக் குடம்தான். இரவில் குடத்தைத் தொடாமல் வைத்தால் காலையில் நிறைந்திருக்கும் என்கிறார். மார்பு குடமில்லை. ஏரிக்கரை மணலில் தோண்டும் ஊற்றைப் போன்றது. மொள்ள மொள்ள ஊறும். நிறைந்து நின்றால் ஊறுவது மட்டுப்படும். இது வெறும் பேச்சல்ல. 1990களில் ஹார்ட்மன் குழுவினர் பெர்த்தில் மார்பின் கன அளவையே மணிக்கு மணி அளந்தார்கள். எந்த மார்பு காலியாகிறதோ அதில் பால் வேகமாகச் சுரந்தது, நிறைந்த மார்பில் மெதுவாகச் சுரந்தது. ஒரே தாயின் இடது மார்பும் வலது மார்பும் வேறு வேறு வேகத்தில் சுரந்தன. ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் இரண்டுக்கும் ஒன்றுதான். வேகத்தைத் தீர்மானித்தது அந்தந்த மார்பில் தேங்கி நின்ற பால். நிறைந்த மார்பு தன் சுரப்பைத் தானே தடுக்கிறது.

ஆகவே பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் கல்லாக இருந்த மார்பு ஆறாம் வாரத்தில் மென்மையாவது, பிள்ளையின் தேவைக்கும் சுரப்புக்கும் கணக்கு ஒத்துப்போய்விட்டதன் அடையாளம். மாலையில் இன்னும் துவளும். அப்போது வரும் பால் அளவில் குறைவாக இருக்கலாம், கொழுப்பு கூடுதலாக இருக்கும். கென்ட் குழுவின் அளவைகளிலும் பகலிலும் மாலையிலும் பாலின் கொழுப்பு, நள்ளிரவையும் விடியற்காலையையும்விட உயர்ந்திருந்தது. மாலையில் அடிக்கடி கொஞ்சங்கொஞ்சமாகக் குடிக்கிற பிள்ளை கெட்டியான பாலைக் குடிக்கிறது. குறைந்த நேரத்தில் மார்பைப் பலமுறை காலிசெய்து, மறுநாளுக்கான சுரப்பையும் கூட்டச் சொல்லிவிட்டுப் போகிறது. மார்பு தேக்கிவைக்கும் கொள்ளளவும் தாய்க்குத் தாய் பல மடங்கு மாறும். கொள்ளளவு சிறிதானவளின் பிள்ளை அடிக்கடி குடித்து அதே அளவை எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது "பால் இல்லாதவள்" போலத்தான் தெரியும்.

இப்போது அந்த ஒரே ஒரு புட்டிக்கு வருவோம். அவர் "ஒரே ஒரு" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டார்! அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒரு பெண்குழந்தை 2.8 கிலோவில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் 2.6 கிலோவுக்கு இறங்கியது. பிறந்த எடையில் ஏழு சதவீதம் குறைவு, அஞ்ச வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நாள் பிறந்த எடையைத் தொட்டது. நாற்பத்திரண்டாம் நாள், ஊசிக்குக் கொண்டுபோனபோது, 3.7 கிலோ. முப்பது நாளில் 900 கிராம், நாளுக்கு 30 கிராம். இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும் என்பது கணக்கு. இந்தப் பிள்ளைக்குப் பால் போதுமா என்ற கேள்விக்குத் தராசு பதில் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் நான்காவது முறையாகப் பிள்ளை மார்பைத் தேடுகிறது. "பால் பத்தலடி பொண்ணே, புள்ள வீல்வீல்னு கத்துது பாரு" என்கிறாள் ஆயா. பவுடர் கலந்து 60 மில்லி கொடுக்கிறார்கள். பிள்ளை அத்தனையும் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்குகிறது. பார்த்தாயா, பசிதான் என்று வீடே தீர்ப்பளிக்கிறது. ஆனால் இந்த வயதில் உறிஞ்சுவது அனிச்சைச் செயல். அண்ணத்தில் காம்பு பட்டால் பிள்ளை உறிஞ்சும், வாயில் பால் நிறைந்தால் விழுங்கும். புட்டியைச் சாய்த்தால் பால் தானே கொட்டுகிறது. வயிறு நிறைந்த பிள்ளையும் இன்னும் இரண்டு அவுன்ஸ் விழுங்கும். புட்டி காலியானதால் தெரியவருவது புட்டி காலியானது மட்டுமே.

அந்த நான்கு மணி நேரத்தில் தாயின் மார்பு நிறைந்து கடுக்கிறது. சுரப்பு மட்டுப்படுகிறது. அதற்குள் இன்னும் இரண்டு மூன்று முறை காலியாகியிருக்க வேண்டிய மார்பு ஒருமுறைகூடக் காலியாகவில்லை. ஒரு நாள் என்றால் மறுநாள் பிள்ளை கூடுதலாகக் குடித்துச் சரிசெய்துவிடும். மறுநாள் மாலையும் புட்டி வந்தால்? நான்கைந்து நாளில் பால் உண்மையிலேயே கொஞ்சம் குறைகிறது. பிள்ளை மதியத்திலும் அமைதியில்லாமல் குடிக்கிறது, மதியத்துக்கும் ஒரு புட்டி சேர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் நாளுக்கு நான்கு புட்டி, 240 மில்லி. அதாவது தாயின் சுரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. புட்டியின் வேகத்துக்குப் பழகிய பிள்ளை மார்பில் இரண்டு நிமிடம் இழுத்துவிட்டு முரண்டுபிடிக்கிறது. "அப்பவே சொன்னேன், பால் இல்லையென்று" என்று கட்டுரையாளர் வந்து நிற்பார். அவர் சொன்னது பலித்துவிட்டது, அவர் சொன்னதாலேயே.

உலக அளவில் தாய்மாரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், பால் போதவில்லை என்று தாங்களே நினைத்ததால் முதல் ஆறு மாதத்துக்குள் டப்பாப் பாலைத் தொடங்கினார்கள் என்று லான்செட் இதழின் 2023ஆம் ஆண்டுக் கட்டுரை வரிசை தொகுத்துச் சொன்னது. பிள்ளை அழுவதையும் இரவில் விழிப்பதையும் கோளாறுகளாகக் காட்டித்தான் பால்பவுடர் விற்கிறது என்பதையும் அதே வரிசை எடுத்துவைத்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி தரக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகத்தை டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும். நம் கட்டுரையாளரின் எழுத்தில் அந்த அளவுக்கு அடக்கம்கூட இல்லை. டப்பா அவரைவிட நேர்மையானது.

மெலிந்த உடம்பு என்பது அவருடைய அடுத்த ஆயுதம். மீன்காரப் பெண்ணின் உடம்பில் என்ன இருக்கிறது சுரக்க என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்கு நம் மாநிலத்திலேயே அறுபது ஆண்டுக்கும் முன்பே பதில் தேடினார்கள். குன்னூரில் அப்போது இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் பணியாற்றியவர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்தவர். ஏழை இந்தியத் தாய்மாரின் பால் சுரப்பைப் பற்றிய அவருடைய ஆய்வு 1958இல் வெளிவந்தது. அரைவயிறு உண்ட பெண்களும் மாதக்கணக்கில் தொடர்ந்து பால் சுரந்தார்கள், அந்தப் பாலில் புரதம் பெரிதாகக் குறையவில்லை. குறைந்தவை சில வைட்டமின்கள். தாயின் உணவு பாலில் தெரிவது அங்கேதான். அப்படியானால் தாய்க்குச் சோறும் மீனும் கீரையும் முட்டையும் வேண்டும் என்று கேட்பதுதான் நியாயம். பிள்ளைக்குப் புட்டி கேட்பது, தாயைப் பட்டினி போட்டது போட்டபடியே இருக்கட்டும் என்பதாகும். கரையோர ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் காரப்பொடிக் குழம்பும் பூண்டும் கொடுப்பார்கள். பால்சுறா பாலைப் பெருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நல்ல சாப்பாடு, அதுவும் அவளுக்கென்று ஒதுக்கிவைத்தது. அந்த ஆயாவின் கைப்பக்குவத்தில் கட்டுரையாளரின் யோசனையைவிடக் கூடுதல் அறிவு இருக்கிறது.

வளர்ச்சி நாட்காட்டியை விட்டுவிடக் கூடாது. மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று பஞ்சாங்கம்போல எழுதிவைத்திருக்கிறார். குழந்தை சீராக வளர்வதில்லை, விட்டு விட்டுத் தாவுகிறது என்பது உண்மை. அமெரிக்க மானுடவியலாளர் மிஷெல் லேம்ப்ல் 1992இல் குழந்தைகளின் நீளத்தை அடிக்கடி அளந்து, நாட்கணக்கில் ஒன்றுமே வளராமல் இருந்துவிட்டு ஒரே நாளில் அரை சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீள்வதைக் காட்டினார். ஆனால் அந்தத் தாவல்கள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாரத்தில் வரவில்லை. ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் இடையே சில நாளும் இருந்தது, சில வாரமும் இருந்தது. பின்னால் 2011இல் அவரே, வளர்ச்சித் தாவலை ஒட்டிப் பிள்ளைகள் கூடுதலாகத் தூங்குகின்றன என்றும் கண்டார். ஆகவே ஆறாம் வாரம் பால் குறையும், புட்டியை வாங்கி வை என்று தேதி குறித்துக் கொடுப்பதற்கு அறிவியலில் இடமில்லை. இரண்டு மூன்று நாள் பிள்ளை ஓயாமல் குடித்தால், குடிக்க விட்டால் போதும். அடிக்கடி காலியாகும் மார்பு ஓரிரு நாளில் சுரப்பைக் கூட்டிக்கொள்ளும். தாயால் ஈடுகொடுக்க முடியாது என்று அவர் சொல்லும் அந்த நாட்கள்தான் அவள் ஈடுகொடுக்கிற நாட்கள்.

பால் உண்மையாகவே போதாத தாய் இல்லையா? இருக்கிறாள். பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு கண்டவள், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியவள், தைராய்டு குறைந்தவள், மார்பில் சுரப்பித் திசுவே சரியாக வளராதவள், மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தவள். இவர்களைவிடப் பெரிய கூட்டம், பால் இருந்தும் பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வாததால் இழுக்க முடியாமல் போகிறவர்கள். காம்பை மட்டும் கவ்வும். தாய்க்கு வலி உயிர்போகும். உறிஞ்சும் சத்தம் கேட்கும், விழுங்கும் சத்தம் கேட்காது. இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் அவசரம். கட்டுரையாளரின் அளவுகோல் இங்கேதான் ஆபத்தாகிறது. அழுதால் பசி, தூங்கினால் திருப்தி என்கிறார். பால் கிடைக்காத பிள்ளை சில நாளில் அழுவதை நிறுத்திவிடும். எழுப்பினாலும் எழாது, மார்பில் வைத்தவுடன் சோர்ந்து தூங்கிப்போகும். "சமர்த்துப் பிள்ளை" என்பார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு துணியாவது மூத்திரத்தில் நனைய வேண்டும். நனைந்தது குறைவு, நிறம் அடர்மஞ்சள், துணியில் செங்கல் தூள்போலக் கறை, இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பவில்லை, அதன்பின் நாளுக்கு 20 கிராமுக்குக் கீழே ஏற்றம்: இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலையில் மட்டும் அடுக்கடுக்காகக் குடித்து, காலையில் தெளிந்து, துணி நனைத்து, எடை ஏறும் பிள்ளை இந்தப் பட்டியலில் இல்லை. இரவும் பகலும் ஒரு மணி நேரம்கூட நிம்மதியில்லாமல், வாரக்கணக்கில், எடையும் ஏறாமல் குடித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை இருக்கிறது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார் அவர்.

வேலைக்குப் போகிறவள் என்ன செய்வாள் என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. விடியற்காலையில் மீன் எடுக்கப் போகிறவள் மத்தியானம்தான் திரும்புவாள். அரசு ஊழியருக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு உண்டு. மீன்கூடைக்கு விடுப்பு இல்லை. இதைப்பற்றி அவர் நாலு வரி கோபமாக எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவர் எழுதியது டப்பாவைப் பற்றி. அதற்கும் கணக்கிருக்கிறது. 400 கிராம் டப்பாவில் சுமார் மூன்று லிட்டர் பால் கலக்கலாம். முழுக்க டப்பாவுக்குப் போன பிள்ளைக்கு அது நான்கு நாள் வரும். மாதத்துக்கு ஏழெட்டு டப்பா. காசு முட்டும்போது ஒரு கரண்டி குறையும், பால் தண்ணீராகும். தண்ணீரோ, நிலத்தடி உவர்ந்துபோன ஊரில் குடத்தில் பிடித்துவைத்த தண்ணீர். பவுடர் கிருமி நீக்கியதல்ல, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொல்லிவிட்டது. இரவு ஏழு மணிக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் யார் செய்வது?

செய்யக்கூடியது வேறு. கிளம்புவதற்கு முன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கையால் பீய்ச்சி, வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் கிண்ணத்தில் மூடிவைக்கலாம். நிழலான இடத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். கோடை உச்சத்தில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஆயா அதைச் சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சங்கொஞ்சமாக ஊட்டலாம். வேலையிடத்தில் மார்பு கடுத்தால் அங்கேயும் ஒருமுறை பீய்ச்சிவிட வேண்டும். அப்போதுதான் சுரப்பு மட்டுப்படாது. அடுக்கடுக்காகக் குடிக்கிற சாயங்காலத்தை அவள் உட்கார்ந்தோ படுத்தோ கழிக்கட்டும். அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த வேறொருவர் ஆணாகவும் இருக்கலாம் என்பது கட்டுரையாளருக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய பேச்சையோ அவரைப் போன்றவர்களின் பேச்சையோ கேட்டு ஏற்கெனவே நாலு புட்டிக்குப் போய்விட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். இப்போது குறைவு உண்மையான குறைவு. ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு மார்பிலும் குடிக்கவிட்டு, பிள்ளை சோரும்போது மார்பை மெல்ல அழுத்திக் கொடுத்து, அதன்பிறகே மேற்பாலைப் பாலாடையில் ஊட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, நாள் கணக்கில் 30 முதல் 60 மில்லிவரை குறைக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை நர்சம்மாவிடமோ அங்கன்வாடியிலோ அதே தராசில், துணியில்லாமல் எடைபோட்டுக் குறித்துவைக்க வேண்டும். வாரத்துக்கு 140 கிராமாவது ஏறினால் அடுத்த படி குறைக்கலாம், ஏறாவிட்டால் அங்கேயே நின்று, பிள்ளை மார்பைக் கவ்வும் விதத்தை நர்சம்மாவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.